எவாப்பரேட்டட் மில்க் கிடைக்கவில்லை: ட்ரெஸ் லெச்சஸ் கேக்குக்கு எதை ஊற்றுவது?

கீதா_மதுரை

எல்லாருக்கும் வணக்கம். ட்ரெஸ் லெச்சஸ் கேக் செய்யப் போகிறேன். குறிப்பு அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணி அனுப்பியது. கேக் வெந்து ஆறிய பிறகு மேலே ஊற்றும் பால் கலவைக்கு எவாப்பரேட்டட் மில்க் ஒரு டின் (354 மி.லி.), கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின் (396 கிராம்), ஹெவி க்ரீம் ஒரு கப் என்று எழுதியிருக்கிறார்.

கண்டென்ஸ்டு மில்க் எங்கள் தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது. க்ரீம் என்றால் 25% கொழுப்பு என்று போட்ட பாக்கெட்தான் கிடைக்கிறது. எவாப்பரேட்டட் மில்க் என்று கேட்டால் எல்லாக் கடையிலும் கண்டென்ஸ்டு மில்க்கையே எடுத்து நீட்டுகிறார்கள். ஆன்லைனில் இருக்கிறது, ஆனால் விலையைப் பார்த்தால் மனசு வரவில்லை.

அவர் குறிப்பு 9க்கு 13 அங்குலத் தட்டுக்கு. என்னிடம் இருப்பது 8 அங்குலச் சதுரத் தட்டு. வீட்டில் தினம் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் வாங்குகிறோம். அதையே கொதிக்கவைத்து ஊற்றலாமா? க்ரீமையே கொஞ்சம் கூடுதலாக ஊற்றலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ப்ரியா_பேக்ஸ்

கீதா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எவாப்பரேட்டட் மில்க் என்பது சர்க்கரை போடாத கண்டென்ஸ்டு மில்க்தான். கண்டென்ஸ்டு மில்க்கில் தண்ணீர் கலந்து எடுத்துக்கொண்டு, குறிப்பில் இருக்கும் சர்க்கரையைக் குறைத்துவிடுங்கள். நான் கேரமல் புட்டிங் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன். யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை.

சுந்தரம்_சேலம்

ப்ரியா சொல்வது அவருடைய புட்டிங்குக்குச் சரி. கீதாவின் கேக்குக்கு ஒத்துவராது. ஏன் என்று கணக்காகவே பார்த்துவிடலாம். பால் பண்ணையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன், எனக்கு இந்தக் கணக்கு பழகிப்போனது.

கண்டென்ஸ்டு மில்க் டின்னில் ஏறக்குறைய 45% சர்க்கரை. 380 கிராம் டின் என்றால் 170 கிராம் சர்க்கரை அதற்குள்ளேயே இருக்கிறது. அதில் 230 மி.லி. தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் உங்கள் கையில் இருப்பது 440 கிராம் எவாப்பரேட்டட் மில்க்கும் 170 கிராம் சர்க்கரையும் சேர்ந்த கலவை. புட்டிங் குறிப்பில் சர்க்கரை தனியாக 170 கிராமோ அதற்கு மேலோ இருக்கும். அதைக் கழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது, அதனால்தான் ப்ரியாவின் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ட்ரெஸ் லெச்சஸில் ஊற்றும் கலவைக்குச் சர்க்கரை என்று தனியாக ஒன்றும் கிடையாது. இனிப்பு முழுக்கக் கண்டென்ஸ்டு மில்க்கில் இருந்துதான் வருகிறது. கழிப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் எதைக் குறைப்பது? கீதாவின் தட்டுக்குப் பாதி அளவு போதும். 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க் என்றால் 90 கிராம் சர்க்கரை. எவாப்பரேட்டட் மில்க்கின் இடத்திலும் கண்டென்ஸ்டு மில்க்கைத் தண்ணீர் விட்டு ஊற்றினால் அது 160 கிராம் ஆகிவிடும். இரண்டாவது கரண்டிக்கே திகட்டும்.

ப்ரியா_பேக்ஸ்

அப்படியென்றால் புட்டிங்குக்கு நான் செய்வது தற்செயலாகச் சரியாக வந்திருக்கிறது போல. நான் தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றுகிறவள். 230 மி.லி. என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். ஆனால் கண்டென்ஸ்டு மில்க்கைக் குறைத்துவிட்டு இந்த இடத்தில் வெறும் பாலை ஊற்றினால் என்ன சார்? மூன்று பாலில் ஒன்று தண்ணியாக இருந்தால் என்ன ஆகிவிடும்?

சுந்தரம்_சேலம்

கேக் ஊறும். சாப்பிடவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டி எடுக்கும்போது தட்டில் பால் தேங்கும், ஃப்ரிட்ஜில் வைத்த அடுத்த நாள் அடிப்பக்கம் கூழாகியிருக்கும். எவாப்பரேட்டட் மில்க்கில் நான்கில் ஒரு பங்கு பாலின் திடப்பொருள். கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் கனம் இருப்பதால்தான் கலவை கேக்குக்குள்ளே போய் அங்கேயே நிற்கிறது. வெறும் பால் உள்ளே போகும், கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கிவிடும்.

ஆனந்தி.கோவை

கீதா, பாலைச் சுண்டக் காய்ச்சுவதுதான் வழி. அமெரிக்கச் சமையல் தளங்களில் எல்லாம் பாலில் 60% தண்ணீர் வற்ற வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். 1 லிட்டர் பால் 400 மி.லி. ஆகும் வரை காய்ச்சுங்கள். நான் ஒருமுறை செய்தேன், கெட்டியாக மணமாக வந்தது. ஆனால் கேக்குக்குள் போகாமல் மேலேயே ஏடு மாதிரி நின்றது. ஸ்பாஞ்ச் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

சுந்தரம்_சேலம்

ஆனந்தி, உங்கள் ஸ்பாஞ்சில் தப்பே இருந்திருக்காது. எந்தப் பால் காய்ச்சினீர்கள்? ஆரஞ்சு பாக்கெட்டா?

ஆனந்தி.கோவை

ஆமாம் சார். கெட்டிப் பால்தானே நல்லது என்று அதையே வாங்கினேன்.

சுந்தரம்_சேலம்

இதுதான் நான் சொல்ல வந்ததே. அமெரிக்கக் குறிப்பு எழுதுகிறவர் தன் ஊர்ப் பசும்பாலை வைத்து எழுதுகிறார். அதில் கொழுப்பு மூன்றேகால் சதவீதம், மொத்தத் திடப்பொருள் 12% அளவில். அது பாதிக்கும் கீழே வற்றினால்தான் 25%க்கு வரும். நம் ஆரஞ்சு பாக்கெட் நிறை கொழுப்புப் பால். கொழுப்பு 6%, கொழுப்பு இல்லாத திடப்பொருள் 9%, ஆக 15%. அது ஏற்கெனவே கொஞ்ச தூரம் வந்துவிட்ட பால். அதைப் போய் 400 மி.லி. வரை சுண்டவைத்தால் திடப்பொருள் 37% ஆகிறது. நீங்கள் கேக்கின் மேல் ஊற்றியது ஏறக்குறைய பாசந்தி. அது எப்படி உள்ளே போகும்?

ஆரஞ்சு பாக்கெட் என்றால் 1 லிட்டர் 600 மி.லி. ஆனதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். நீல பாக்கெட் டோன்டு பாலில் கொழுப்பு 3%, மற்ற திடப்பொருள் 8.5%. அதை 450 வரை கொண்டுபோக வேண்டும். பச்சை பாக்கெட் 4.5% கொழுப்பு, அது ஏறக்குறையப் பாதிக்கு வந்தால் போதும். எந்தப் பாக்கெட் என்று பார்க்காமல் எவ்வளவு வற்ற வேண்டும் என்று சொல்லவே முடியாது. இணையத்தில் இருக்கும் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் இதை ஒரு வரி சேர்த்தால் எத்தனையோ கேக்குகள் பிழைக்கும்.

கீதாவுக்கு வேண்டியது 180 மி.லி. ஆரஞ்சு பாக்கெட்டில் 300 மி.லி. எடுத்துக் காய்ச்சினால் அது வந்துவிடும். நீலம் என்றால் 400 மி.லி. எடுக்க வேண்டும். ஆரஞ்சில் செய்தால் டின்னைவிடக் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக, 10% பக்கம் இருக்கும். இந்தக் கேக்குக்கு அது நல்லதுதான், ஏனென்றால் உங்கள் க்ரீம் அவர்கள் ஊர் ஹெவி க்ரீமைவிடக் கொழுப்பு குறைந்தது. அங்கே 36%, இங்கே 25%. ஒன்று குறைய மற்றொன்று கூடுகிறது.

கீதா_மதுரை

சார், இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஒரே ஒரு கேள்வி. 300 மி.லி. பால் 180 ஆகிவிட்டதை அடுப்பில் இருக்கும்போதே எப்படித் தெரிந்துகொள்வது? சூடான பாலை ஒவ்வொரு தடவையும் அளவு ஜாடியில் ஊற்றிப் பார்க்க முடியாதே.

ரேவதி_தஞ்சை

இதை நான் சொல்கிறேன். நேர்ச்சுவராக இருக்கும் பாத்திரம் எடுங்கள். பால் ஊற்றியதும் ஒரு மரக் கரண்டியின் காம்பை அடி தொடும்படி நேராக நிறுத்துங்கள். பால் நனைத்த இடம் வரை ஸ்கேல் வைத்து அளந்து, அதில் ஐந்தில் மூன்று பங்கு வரும் இடத்தில் கத்தியால் சின்னதாக ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். பால் 5 செ.மீ. உயரம் நின்றால் கீறல் 3 செ.மீ.யில். கொதிக்கும்போது நுரை ஏமாற்றும். தீயை அணைத்து நுரை அடங்கியதும் காம்பை நிறுத்திப் பாருங்கள், பால் கீறலைத் தொட்டால் முடிந்தது. வாணலியில் இந்த அளவு பொய்யாகிவிடும், ஏனென்றால் வாணலி மேலே அகலம், கீழே குறுகல்.

இன்னொன்று. தீ சிறியதாக வைத்து ஏட்டைத் தொடாமல் விடுங்கள். கிளறினால் அடிபிடிக்கும்.

சுந்தரம்_சேலம்

கரண்டிக் கீறல் அருமையான வழி. சமையலறைத் தராசு இருக்கிறவர்களுக்கு இன்னும் சுலபம். பாத்திரத்தோடு பாலை நிறுத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். 300 மி.லி. 180 ஆக வேண்டுமென்றால் 120 கிராம் குறைய வேண்டும். எடை அந்த அளவு இறங்கிவிட்டால் போதும், பாத்திரத்தின் வடிவம் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

ஏடு விஷயத்தில் மட்டும் ரேவதியோடு ஒத்துப்போக மாட்டேன். ஏடு படிந்தால் கீழே ஆவி போவது குறைந்துவிடும், நேரம் கூடும். அதோடு கொழுப்பும் புரதமும் ஏட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை வடிகட்டி எடுத்தால் பாலின் சத்தில் ஒரு பங்கைத் தூக்கி எறிந்தது போலாகும். அடியைச் சுரண்டும்படி கிளறிக்கொண்டே இருந்தால் அடிபிடிக்காது, ஏடும் வராது.

ரேவதி_தஞ்சை

சார், நீங்கள் கண்டென்ஸ்டு மில்க் செய்யும் இயந்திரத்தை வைத்துச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் பாசந்திக்குப் பாலைக் கிளறாமல், ஏட்டைப் பக்கத்தில் ஒதுக்கி ஒதுக்கித்தான் காய்ச்சுவோம். கடைசியில் ஏட்டைச் சேர்த்துக் கலந்துவிடுவோம். எதுவும் வீணாவதில்லை.

சுந்தரம்_சேலம்

பாசந்திக்கு ஏடு வேண்டும், அதற்கு நீங்கள் செய்வதுதான் சரி. கேக்கில் ஊற்றும் பாலில் ஏட்டுத் துண்டு இருந்தால் அது மேலேயே தங்கிவிடும். கலந்தாலும் மிக்சியில் ஒரு சுற்று விட்டால்தான் கரையும்.

ரேவதி_தஞ்சை

மிக்சியில் சுற்றிவிட்டால் ஆயிற்றே! அடிபிடித்த வாசம் வந்துவிட்டால்தான் ஒன்றும் செய்ய முடியாது. நான் கிளற மாட்டேன்.

யாழினி

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இதுக்குப் பாலைக் காய்ச்சி மினக்கெடுறதே இல்லை. வீட்டில எப்பவும் பால்மா இருக்கும். முழு ஆடைப் பால்மா 90 கிராம் எடுத்து 270 மி.லி. தண்ணியில கரைச்சால் ஒரு டின் எவாப்பரேட்டட் மில்க் வந்திடும். கொதி தண்ணி ஊத்தக் கூடாது, கட்டி பட்டிடும். முதல்ல கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணியில பசை மாதிரிக் குழைச்சுப்போட்டு, பிறகு மிச்சத் தண்ணியை விட்டுக் கரைக்க வேணும். அரை மணித்தியாலம் வைச்சிட்டுப் பாவிச்சால் மா ருசியும் குறையும். கீதா அக்காவுக்கு அரைவாசிதான் வேணும், 45 கிராமும் 135 மி.லி. தண்ணியும் போதும்.

ஆனந்தி.கோவை

யாழினி, எங்களிடம் டீக்குப் போடும் பால் பவுடர் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமா?

சுந்தரம்_சேலம்

யாழினி சொன்ன அளவு சரி. ஆனால் ஆனந்தி, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் டீக்கு விற்கும் பல பவுடர்களில் டெய்ரி ஒயிட்னர் என்று போட்டிருக்கும். அதில் சர்க்கரை சேர்த்திருக்கும், சேர்மானப் பட்டியலிலேயே எழுதியிருப்பார்கள். அதை எடுத்தால் பால் குறையும், இனிப்பு கூடும். முழுக் கொழுப்புப் பால் பவுடர் என்று இருப்பதை வாங்குங்கள்.

அவசரக்காரர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. ஆரஞ்சு பாக்கெட் பால் 310 மி.லி.யில் அந்தப் பவுடர் 40 கிராம் கரைத்தால் ஒரு டின்னுக்குச் சமம். அடுப்பே வேண்டாம். பவுடர் கொஞ்சமாகத்தான் போகிறது என்பதால் பவுடர் வாசமும் அவ்வளவாக வராது. என்னைக் கேட்டால் கேக்குக்கு இதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி.

வாசு_கிள்ளான்

மலேசியாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே டின்னுக்குப் பஞ்சமே இல்லை, தே தாரிக் கலக்கும் கடை எல்லாவற்றிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் எங்களுக்கு வேறு பிரச்சினை. மலிவான டின்னில் பால் என்று போட்டிருக்காது, இனிப்புள்ளதில் கிரிமர் மானிஸ், இனிப்பில்லாததில் கிரிமர் செஜாட் என்று இருக்கும். பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய், பாலின் அளவும் குறைவு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், டீயில் ஊற்றினால் நாக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

என் மனைவி கேக்குக்கும் புட்டிங்குக்கும் இதைத்தான் ஊற்றுகிறார். கேக் நன்றாக வருகிறது. புட்டிங் சில தடவை இளக்கமாக நிற்கிறது. டின்தான் காரணமா, முட்டை சிறியதா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

சுந்தரம்_சேலம்

கேக்கில் ஊறவைக்க அது போதும், அங்கே எதுவும் இறுக வேண்டியதில்லை. புட்டிங்கை இறுக்குவது பெரும்பாலும் முட்டைதான். ஆனால் பால் புரதமும் கூட நிற்கிறது. கிரிமரில் அது குறைவு. நீங்கள் ஒரே அளவு முட்டையோடு பால் டின்னிலும் கிரிமர் டின்னிலும் பக்கத்துப் பக்கத்தில் செய்தால்தான் எது காரணம் என்று தெரியும்.

நஸ்ரின்.காயல்

க்ரீம் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. என் அனுபவம் சொல்கிறேன். எவாப்பரேட்டட் மில்க் இல்லாததால் அந்த அளவுக்கும் பாக்கெட் க்ரீமையே ஊற்றினேன். ஊற்றும்போது கலவை நன்றாகத்தான் இருந்தது. இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் வெட்டினேன். மேல் அரை அங்குலம் கெட்டியாக வெண்ணெய் மாதிரி, நடுவில் கேக் காய்ந்துபோய் மஞ்சளாக, கரண்டியால் குத்தின ஓட்டைகளில் மட்டும் வெள்ளையாகக் கோடு கோடாக இறங்கியிருந்தது. சாப்பிட்டால் மேலண்ணத்தில் பிசுபிசுப்பாக ஒட்டியது. அம்மா ரொம்பப் பிடித்துச் சாப்பிட்டார்கள், எனக்குப் பிடிக்கவில்லை.

சுந்தரம்_சேலம்

நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடுதான் அடையாளம். க்ரீம் கனமான கலவை, மெதுவாக நகரும். ஃப்ரிட்ஜுக்குள் போனதும் அதில் இருக்கும் கொழுப்பு உறைய ஆரம்பிக்கும், அதோடு நகர்வதும் நிற்கும். கேக்கின் நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் கதவு மூடிவிடுகிறது.

க்ரீம்தான் இருக்கிறது என்றால் அதோடு சம அளவு பால் சேர்த்துக்கொள்ளுங்கள். 25% க்ரீமும் 6% பாலும் பாதிக்குப் பாதி கலந்தால் கொழுப்பு 15% பக்கம் வரும். டின் பாலைவிடக் கொழுப்பு கூட, புரதம் குறைவு, ஆனால் ஊறும். ஊற்றிவிட்டு உடனே ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெளியே அரை மணி நேரம் விட்டால் நடுவரை போய்விடும். சென்னை வெயிலில் அதற்கு மேல் விடாதீர்கள், பாலும் முட்டையும் இருக்கிற பண்டம்.

ஷாலினி_வேலூர்

எனக்கும் இதே பிரச்சினைதான்! முட்டையில்லாத கேக்குக்குக் கண்டென்ஸ்டு மில்க் பாதி டின் போடச் சொல்கிறார்கள். வீட்டில் டின் தீர்ந்துவிட்டது. இங்கே சொன்ன மாதிரி ஆரஞ்சு பாலை ஐந்தில் மூன்று பங்காகச் சுண்டவைத்து 200 மி.லி. ஊற்றிச் சர்க்கரையையும் சேர்த்தேன். மாவு தோசை மாவு பதத்துக்கு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது, மைதா கூட்டலாமா?

சுந்தரம்_சேலம்

ஷாலினி, இது வேறு கேள்வி அம்மா. இந்த இழையில் பேசியது எவாப்பரேட்டட் மில்க்குக்கு மாற்று. உங்களுக்கு வேண்டியது கண்டென்ஸ்டு மில்க்குக்கு மாற்று. கண்டென்ஸ்டு மில்க்கில் தண்ணீர் கால் பங்குக்குச் சற்று மேலேதான். 200 கிராமில் 50 கிராம் சொச்சம் தண்ணீர், 90 கிராம் சர்க்கரை, மிச்சம் பாலின் திடப்பொருள். நீங்கள் ஊற்றிய பாலில் மட்டும் 150 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. மாவு இளகாமல் என்ன செய்யும்?

இப்போது மைதா கூட்டினால் பேக்கிங் பவுடரின் அளவு பற்றாமல் போகும், கேக் அழுத்தமாக வரும். அந்த மாவைக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றிவிடுங்கள், வீணாகாது. அடுத்த தடவைக்கு: ஆரஞ்சு பால் 400 மி.லி., சர்க்கரை 90 கிராம், இரண்டையும் சேர்த்துக் காய்ச்சி, மொத்தம் 200 கிராம் ஆகும் வரை சுண்டவையுங்கள். இங்கே எடை பார்க்காமல் செய்யாதீர்கள். சூடாக இருக்கும்போது இன்னும் தண்ணியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆறினால் கெட்டியாகும். கண்ணை நம்பி மேலும் காய்ச்சினால் பால்கோவாவில் போய் நிற்கும்.

ஷாலினி_வேலூர்

பணியாரம் ஊற்றிவிட்டேன் சார், பிள்ளைகள் காலி செய்துவிட்டார்கள். டின் செலவுக்கும் 400 மி.லி. பால், சர்க்கரை, கேஸ் செலவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்குமா?

ப்ரியா_பேக்ஸ்

கண்டென்ஸ்டு மில்க்கை மட்டும் கடையில் வாங்கிவிடுங்கள் ஷாலினி. நான் வீட்டில் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தது ரெண்டு நாளில் மணல் மணலாக ஆகிவிட்டது. கேக்கில் போட்டால் கரைந்துவிடுகிறது, ஆனால் மேலே ஊற்றும் பண்டத்துக்கு வாயில் நெறநெறக்கிறது.

சுந்தரம்_சேலம்

அது பாலின் சொந்தச் சர்க்கரை படிகமாவது. தொழிற்சாலையில் அந்தப் படிகம் நாக்குக்குத் தெரியாத அளவு நுணுக்கமாக வரும்படி குளிரவைக்கிறார்கள். வீட்டில் அது முடியாது. ப்ரியா சொல்வதுதான் சரி, டின் கிடைக்கும் இடத்தில் டின்னே மேல்.

கீதா_மதுரை

செய்துவிட்டேன்! சுந்தரம் சார் சொன்ன பாதி அளவுக் கணக்குப்படி 8 அங்குலத் தட்டுக்கு: ஆரஞ்சு பால் 300 மி.லி. காய்ச்சி 120 கிராம் குறைத்தது, கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், பாக்கெட் க்ரீம் 120 மி.லி. பாலை ஆறவைத்து, மூன்றையும் கலந்தேன். வெண்ணெய் சேர்க்காத முட்டை ஸ்பாஞ்ச். அண்ணி அதில் கண்டிப்பாக இருந்தார், வெண்ணெய் சேர்த்த கேக் பாலைக் குடிக்காது என்றார்.

கலவையை ஒரே தடவையில் ஊற்றாமல் பாதி ஊற்றி, அது இறங்கியதும் மிச்சத்தை ஊற்றினேன். முதல் பாதி ஊற்றியதும் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழாக வந்தது, ஒரு சில நிமிடத்தில் மேற்பரப்பு மறுபடி மங்கலாக உலர்ந்த மாதிரி ஆனது. அப்போதுதான் இரண்டாவது பாதி. மறுநாள் வெட்டும்போது துண்டு நேராக நின்றது, தட்டில் ஒரு கரண்டி பால்தான் தேங்கியது. அதைப் பிள்ளைகள் வழித்துவிட்டார்கள். ரேவதி அக்கா, நான் கிளறித்தான் காய்ச்சினேன், மன்னிக்கவும்.

சார், அடுத்த தடவை மாம்பழக் கூழைப் பால் கலவையிலேயே சேர்க்கலாமா? திரியுமா?

சுந்தரம்_சேலம்

நல்ல பழுத்த பழம், பாலும் கூழும் இரண்டும் குளிர்ந்தது, கலந்த பிறகு சூடு செய்யாதது. இந்த மூன்றும் இருந்தால் பயமில்லை. புளிப்புப் பழமும் சூடான பாலும் சேர்ந்தால் திரிந்துவிடும். டின்னில் வரும் எவாப்பரேட்டட் மில்க்கில் திரியாமல் இருக்க உப்புச் சேர்மானம் போட்டிருப்பார்கள். நாம் வீட்டில் சுண்டவைத்த பாலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நானாக இருந்தால் கூழை மேலே அடுக்காகப் பரப்பிவிடுவேன்.

வாசு_கிள்ளான்

டின் பால் ருசி பற்றி யாரும் பேசவில்லையே. எவாப்பரேட்டட் மில்க்கில் லேசாகப் பழுப்புச் சுவை ஒன்று இருக்கும், டின்னோடு சூடாக்குவதால் வருவது. பால்மாவில் கரைத்ததில் அது வராது. என் நாக்குக்கு அது இல்லாத ட்ரெஸ் லெச்சஸ் அரைகுறையாகத்தான் தெரிகிறது.

யாழினி

அது பழக்கம் வாசு அண்ணா. டின் பால் குடிச்சு வளர்ந்தவைக்கு அது வேணும். எங்களுக்கு பால்மா ருசிதான் பால் ருசி.

ரேவதி_தஞ்சை

கிளறாமல் மெல்லக் காய்ச்சினால் அந்தப் பழுப்புச் சுவை தானாக வரும்! வேகமாகக் கிளறி இறக்கியதில் வராது. கீதா, அடுத்த தடவை என் முறையில் செய்து பாருங்கள்.

கவின்_ஈரோடு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கீ லைம் பை செய்தேன். கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், எலுமிச்சைச் சாறு அரை கப், முட்டை மஞ்சள் கரு. டின் இல்லாததால் யாழினி சொன்ன பால்மா பாலில் சர்க்கரை கரைத்து ஊற்றினேன். சாறு ஊற்றியதும் தயிர் மாதிரி பிரிந்து தண்ணீர் தனியாக நின்றது. அவனில் வைத்தும் இறுகவில்லை.

சுந்தரம்_சேலம்

அந்தப் பண்டத்தில் மட்டும் கண்டென்ஸ்டு மில்க்குக்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது. சாற்றின் புளிப்பு பட்டதும் பால் புரதம் ஒன்றோடொன்று பிணைகிறது. கண்டென்ஸ்டு மில்க்கில் தண்ணீர் குறைவு, சர்க்கரை அதிகம், அதனால் பிரியாமல் மொத்தமாகக் கெட்டியாகிறது. உங்கள் கலவையில் தண்ணீர் மிகுதி, அதனால் பனீருக்குத் திரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஷாலினிக்குச் சொன்னபடி எடை பார்த்துச் சுண்டவைத்தால் வர வாய்ப்பு இருக்கிறது. நான் அதை இந்தப் பண்டத்தில் செய்து பார்த்ததில்லை.

வாசு_கிள்ளான்

அப்படியானால் எங்கள் ஊர் கிரிமர் மானிஸில் புரதமே குறைவு. அதில் சாறு ஊற்றினால் இறுகுமா? இங்கே யாராவது செய்திருக்கிறீர்களா?